ஒரு கேள்விக்கு ஒரே விடை: பள்ளி வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதுகிறவர்கள் கேட்பவை

கன்னியாகுமரி மாவட்டத்தில் இலக்கிய மன்ற விழா, ஆண்டு விழா, நூலக விழா என்று எங்காவது ஒரு வினாடி வினா நடந்துகொண்டேதான் இருக்கும். அதற்குப் பொது அறிவுக் கேள்வி எழுத உட்காரும் ஆசிரியர்கள் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் நம் ஊர்ப்பக்கம்தான்.

கேள்வியும் சரி, விடையும் சரி. பிறகு ஏன் சார் மேடையில் தகராறு வருகிறது?

விடை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருப்போம். அந்தக் கேள்விக்கு வேறொரு விடையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்திருக்க மாட்டோம்.

எனக்கே நடந்தது. ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், “கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையின் உயரம் எத்தனை அடி?” என்று கேட்டேன். ஒரு குழு 95 என்றது. தவறு என்று சொல்லி அடுத்த குழுவுக்குக் கொடுத்தேன். அவர்கள் 133 என்றார்கள், மதிப்பெண் போட்டேன். முதல் குழுவில் இருந்த ஒரு பெண் பிள்ளை எழுந்து, “சார், நீங்க சிலையைத்தானே கேட்டீங்க? பீடத்தையும் சேர்த்தா கேட்டீங்க?” என்றாள். அவள் சொன்னது முழுக்க உண்மை. பீடம் 38 அடி, அதன் மேல் நிற்கும் சிலை 95 அடி, இரண்டும் சேர்ந்து 133. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்குப் பீடம், பொருட்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்த 95 அதிகாரங்களுக்குச் சிலை என்ற கணக்கில் அமைத்தது. விவரம் தெரிந்த பிள்ளைக்குத்தான் 95 என்று சொல்ல வரும். என் கேள்வி அன்று நன்றாகப் படித்தவளைத் தோற்கடித்தது. அரை மதிப்பெண் வித்தியாசத்தில் அந்தக் குழு பரிசை விட்டது.

இப்போது அதே செய்தியை இப்படிக் கேட்கிறேன்: “கன்னியாகுமரியில் பீடத்துடன் சேர்த்து 133 அடி உயரமுள்ள திருவள்ளுவர் சிலையில், பீடத்தின் உயரம் மட்டும் எத்தனை அடி?” 38 தவிர வேறு எண் வரவே முடியாது.

அப்படியானால் கேள்வியை நீளமாக எழுதினால் போதுமா?

நீளம் உதவாது. எந்தச் சொல் இரண்டாவது விடைக்குக் கதவு திறக்கிறது என்று கண்டுபிடித்து அந்த ஒரு சொல்லைச் சரிசெய்ய வேண்டும்.

“இந்தியாவின் தென்கோடி முனை எது?” என்ற கேள்வியைப் பாருங்கள். நம் மாவட்டத்துப் பிள்ளை யோசிக்காமல் கன்னியாகுமரி என்று சொல்லும். ஆனால் கிரேட் நிக்கோபார் தீவில் இருக்கும் இந்திரா முனைதான் நாட்டின் தென்கோடி. கதவைத் திறந்த சொல் ‘இந்தியாவின்’. தீவு இதில் சேர்த்தியா இல்லையா என்று அந்தச் சொல் சொல்லவில்லை. “தீவுகளையும் சேர்த்துப் பார்த்தால்” என்று முன்னால் போட்டால் இந்திரா முனை, “தீவுகளை விட்டுவிட்டுப் பார்த்தால்” என்று போட்டால் கன்னியாகுமரி. இரண்டு மூன்று சொல்தான் கூடியிருக்கிறது.

‘முதல்’ என்று வரும் கேள்விகளையே தவிர்த்துவிடலாமா?

தவிர்க்க வேண்டாம். பிள்ளைகளுக்குப் பிடித்த வகை அது. ஆனால் ‘முதல்’ என்பது ஒரு கணக்கின் தொடக்கம். கணக்கு எங்கே தொடங்குகிறது என்று சொல்லாமல் ‘முதல்’ என்று கேட்கக் கூடாது.

“தமிழ்நாட்டின் முதல் முதலமைச்சர் யார்?” என்பதை எடுத்துக்கொள்வோம். இதை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விடைக்கும் வாதாடுகிற பிள்ளையாக நீங்களே மாறிப் பாருங்கள்.

ஒரு பிள்ளை சுப்பராயலு ரெட்டியார் என்று சொல்லலாம். 1920 தேர்தலுக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் அமைச்சரவைக்குத் தலைமை ஏற்ற முதல் ஆள் அவர்தான். இன்னொரு பிள்ளை, “நாடு சுதந்திரம் அடைந்த அன்று யார் இருந்தாரோ அவர்தான்” என்று ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரைச் சொல்லும். குடியரசான 1950 ஜனவரி 26 அன்று பதவியில் இருந்தவர் குமாரசாமி ராஜா. 1952 பொதுத் தேர்தலுக்குப் பின் முதலமைச்சரானவர் ராஜாஜி. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்து, நம் மாவட்டமும் தாய்த் தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1 அன்று இருந்தவர் காமராசர். ‘தமிழ்நாடு’ என்ற பெயர் நடைமுறைக்கு வந்த 1969 ஜனவரி 14 அன்று இருந்தவர் அண்ணா. ஆறு பேர், ஆறு பேருக்கும் நியாயம் இருக்கிறது. நாலு விடை கொடுத்துக் கேட்டாலும் இதில் மூன்று பேர் அந்த நாலுக்குள் வந்துவிடுவார்கள்.

இங்கே ‘முதல்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த நாளைப் போடுவதுதான் வழி. “சென்னை மாநிலம் என்ற பெயர் தமிழ்நாடு என்று மாறி நடைமுறைக்கு வந்த 1969 ஜனவரி 14 அன்று முதலமைச்சராக இருந்தவர் யார்?” அண்ணா மட்டும்தான். ‘நடைமுறைக்கு வந்த’ என்பதையும் விட்டுவிடாதீர்கள். பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 1967 ஜூலை 18இல். ஆண்டைக் கேட்கும் கேள்வியாக இதைத் திருப்பினால் 1967, 1969 இரண்டையும் பிள்ளைகள் சொல்வார்கள். நம் ஊருக்கு இன்னும் பொருத்தமாக வேண்டுமென்றால், “கன்னியாகுமரி மாவட்டம் 1956இல் இணைந்தபோது சென்னை மாநில முதலமைச்சர் யார்?” என்று கேளுங்கள். காமராசர்.

‘பெரிய’, ‘அதிக’ என்ற சொற்களும் இப்படித்தானா?

ஆமாம், அவற்றுக்கு அளவுகோல் வேண்டும். ‘பெரிய மாவட்டம்’ என்றால் பரப்பிலா, மக்கள் தொகையிலா? “தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்தில் படித்தவர்கள் அதிகம்?” என்ற கேள்வி நம் பள்ளிகளில் அடிக்கடி வருகிறது. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு விகிதத்தில் முதலிடம் கன்னியாகுமரிக்குத்தான், 91.75 சதவீதம். ஆனால் தலை எண்ணினால் நம்மைவிட மக்கள் தொகை இரண்டு மடங்குக்கும் மேல் உள்ள சென்னையில்தான் படித்தவர்கள் அதிகம். ‘விகிதம்’ என்ற சொல்லும் ‘2011 கணக்கெடுப்பு’ என்பதும் இரண்டுமே கேள்விக்குள் இருக்க வேண்டும்.

“ஆசியாவிலேயே உயரமான”, “உலகிலேயே நீளமான” என்று வந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றி அப்படிச் சொல்கிறோம், நமக்கு அதில் பெருமையும் இருக்கிறது. ஆனால் எதைச் சேர்த்து எதை விட்டு ஒப்பிட்டார்கள் என்று காட்ட முடியாத பெருமையைக் கேள்வியாக்கக் கூடாது. அது எந்த ஆற்றின் மேல் இருக்கிறது என்று கேளுங்கள். பறளியாறு, முடிந்தது.

நம் மாவட்டத்தைப் பற்றிக் கேட்டால் குழப்பம் வராது அல்லவா?

அங்கேதான் அதிகம் வருகிறது. வெளியூர்ப் புத்தகத்தில் ஒரே விடை உள்ள கேள்விக்கு இங்கே இரண்டு விடை இருக்கும்.

“தாமிரபரணி ஆறு எந்தக் கடலில் கலக்கிறது?” என்று திருநெல்வேலியில் கேட்டால் சிக்கல் இல்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேருகிறது. மார்த்தாண்டத்தில் கேட்டுப் பாருங்கள். குழித்துறை வழியே போகும் ஆற்றுக்கும் தாமிரபரணி என்றுதான் பெயர். அது தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக் கடலில் சேருகிறது. தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்கு வரும் பிள்ளை அரபிக் கடல் என்று சொன்னால் எப்படித் தவறு என்பது? “புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் ஆறு எது?” என்று திருப்பிக் கேட்டுவிடலாம்.

பத்மநாபபுரம் அரண்மனையும் அப்படித்தான். இருப்பது நம் கல்குளம் வட்டத்தில், பராமரிப்பது கேரள அரசு. “எந்த மாநிலத்தைச் சேர்ந்தது?” என்று கேட்டால் இரண்டும் சரி. ‘அமைந்துள்ள’ என்றோ ‘பராமரிக்கும்’ என்றோ வினைச்சொல்லை மாற்றினால் போதும். குளச்சல் போருக்கு 1741 ஜூலை 31 என்றும் ஆகஸ்ட் 10 என்றும் இரண்டு தேதிகள் அச்சில் இருக்கின்றன. நாளைக் கேட்காமல் ஆண்டைக் கேளுங்கள்.

பட்டப்பெயர்க் கேள்வியிலும் நம் ஊருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. “ஆசிய ஜோதி என்று அழைக்கப்படுபவர் யார்?” என்றால் நேரு என்று சிலர் எழுதி வைத்திருப்பார்கள், புத்தர் என்று சிலர். தேரூர் கவிமணியின் ‘ஆசிய ஜோதி’யைப் படித்த பிள்ளைக்குப் புத்தர் நினைவுதான் முதலில் வரும், ஏனென்றால் அந்த நூல் புத்தரைப் பற்றியது. பட்டப்பெயரை விட்டுவிட்டு, ‘ஆசிய ஜோதி’ என்ற தமிழ்க் கவிதை நூலை எழுதியவர் யார் என்று கேட்டுவிடுங்கள்.

நாலு விடை கொடுத்துக் கேட்டால் பாதுகாப்புதானே?

நாலும் ஒரே தட்டில் இருந்தால் பாதுகாப்பு. ஒன்றுக்குள் ஒன்று அடங்கினால் ஆபத்து. திருநெல்வேலித் தாமிரபரணிக்கு ஒருவர் இப்படி விடைகள் போட்டிருந்தார்: மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா, இந்தியப் பெருங்கடல், அரபிக் கடல். மன்னார் வளைகுடாவே இந்தியப் பெருங்கடலின் ஒரு பகுதி. ஆக இந்தியப் பெருங்கடல் என்று எழுதிய பிள்ளை தவறு செய்யவில்லை. முக்கடல் சங்கமத்தில் வளரும் பிள்ளைகள் இதை விடவே மாட்டார்கள். விடைகளில் எதையும் மற்றொன்றோடு “இதன் பகுதிதானே அது?” என்று ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் மாற்றுங்கள்.

‘மேற்கண்ட எதுவுமில்லை’ என்பதைப் போடவே வேண்டாம்.

கைடில் ஒன்று, பாடப்புத்தகத்தில் ஒன்று, இணையத்தில் ஒன்று இருக்கிறது. எதை நம்புவது?

இதில் மூன்று நோய்கள் கலந்திருக்கின்றன, தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒன்று, விடையே தவறு. “தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர் யார்?” என்பதில் கேள்வி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் பலர் ஜெயலலிதா என்று விடை வைத்திருக்கிறார்கள். அவருக்கு முன்பே 1988 ஜனவரியில் ஜானகி ராமச்சந்திரன் பதவியேற்றுவிட்டார், சில வாரங்களே இருந்தார் என்றாலும் அவர்தான் முதல் பெண் முதலமைச்சர்.

இரண்டு, விடையே இல்லாத கேள்வி. “இந்தியாவின் தேசிய விளையாட்டு எது?” என்பதற்கு ஹாக்கி என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வருகிறோம். எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகமே 2012இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த மனுவுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. ‘தேசிய மொழி’யும் அரசியல் சட்டத்தில் இல்லை.

மூன்று, ஒரு காலத்தில் சரியாக இருந்த விடை. நம் மாவட்டத்தில் நான்கு வட்டங்கள் என்றுதான் நான் படித்தேன். 2019இல் திருவட்டாறும் கிள்ளியூரும் சேர்ந்து ஆறாகிவிட்டது. தமிழ்நாட்டு மாவட்டங்கள் மயிலாடுதுறை பிரிந்த பிறகு 38. சனிக் கோளின் துணைக்கோள்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், 2025 மார்ச்சில் ஒரே மூச்சில் 128 சேர்ந்து 274 ஆனது.

எண்ணிக்கை மாறக்கூடியது என்றால் ‘2020 முடிவில்’ என்று கேள்விக்குள்ளேயே நாளைப் போட்டுவிடலாம், அல்லது மாறாத பக்கத்தைக் கேட்கலாம். “2019இல் குமரி மாவட்டத்தில் உருவான இரண்டு புதிய வட்டங்கள் எவை?” என்ற கேள்வி இருபது வருடம் கழித்தும் உயிரோடு இருக்கும்.

சரி, எதை நம்புவது? ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு இடங்களில் ஒரே விடை இருக்க வேண்டும். இரண்டு கைடுகள் இரண்டு இடம் ஆகாது, ஒரே வரியை இரண்டும் பெயர்த்து எழுதியிருக்கும். மாவட்ட விவரத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் இணையதளம், கணக்கெடுப்புக்கு அதன் அறிக்கை, பள்ளிப் பாடத்துக்கு நடப்பு ஆண்டுப் பாடநூல். இரண்டும் முட்டிக்கொண்டால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு போராடாமல் தூக்கிப் போட்டுவிடுகிறேன்.

பிள்ளைகள் வீட்டில் பேசும் பெயரைச் சொன்னால் மதிப்பெண் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டும். முக்கனிகளில் முள்தோல் உள்ளது எது என்றால் நம் பிள்ளை “சக்கை” என்று சொல்லும். இந்த மாவட்டத்தில் அதற்கு அதுதான் பெயர். நடுவர் மதுரைப் பக்கத்துக்காரராக இருந்துவிட்டால் பழத்தைப் பிழிந்து எடுத்த மிச்சத்தைச் சொல்கிறது என்று நினைத்துத் தவறு போட்டுவிடுவார். அதனால் ஏற்கும் பெயர்களையும் விடையோடு சேர்த்து முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். மேடையில் நின்று யோசிக்கக் கூடாது. நான் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அட்டை எழுதுவேன். ஒரு அட்டை இப்படி இருக்கும்:

கேள்வி: சேலம் பகுதி ஆலைகளில் ஜவ்வரிசி எந்தக் கிழங்கிலிருந்து எடுக்கப்படுகிறது?
விடை: மரவள்ளிக் கிழங்கு.
ஏற்கலாம்: மரச்சீனி, கப்பை, குச்சிக்கிழங்கு.
ஏற்கக் கூடாது: வெறும் ‘கிழங்கு’, சர்க்கரைவள்ளி.
இன்னும் கேட்க வேண்டியது: ‘வள்ளி’ என்று மட்டும் சொன்னால், எந்த வள்ளி என்று ஒரு முறை கேட்கலாம்.
பார்த்த இடம், பார்த்த நாள்: (எழுதவும்)

சேலம் என்று ஏன் போட்டேன் என்றால், வேறு நாடுகளில் ஒரு வகைப் பனை மரத்தின் சோற்றிலிருந்தும் ஜவ்வரிசி எடுக்கிறார்கள். ‘கிழங்கு’ என்ற சொல்லும் அந்தக் கதவை மூடுகிறது.

ஆள் பெயருக்கும் இதே முறைதான். அண்ணா, அண்ணாதுரை, சி.என்.ஏ. எல்லாம் ஒருவரே. ஆனால் ‘ரெட்டியார்’ என்று மட்டும் சொன்னால் மேலே பார்த்தோமே, இரண்டு பேர் இருக்கிறார்கள். முழுப் பெயரைக் கேட்க வேண்டும்.

பஸ்ஸர் சுற்றில் பாதிக் கேள்வியிலேயே அழுத்திவிடுகிறார்கள். அதற்கு என்ன செய்வது?

தமிழில் ‘யார்’, ‘எது’, ‘எந்த ஊர்’ எல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. அதனால் பாதியில் நிற்கும் பிள்ளைக்கு எதைக் கேட்கிறோம் என்றே தெரியாது. “மரகதப்புறாவை மாநிலப் பறவையாகக் கொண்ட…” என்று படித்ததும் ஒருவன் அழுத்தி, “தமிழ்நாடு” என்கிறான். அட்டையிலோ “…தமிழ்நாட்டின் மாநில விலங்கு எது?” என்று தொடர்ந்து, வரையாடு என்று முடிகிறது. அவன் கேட்ட வரைக்கும் அவன் சொன்னது சரியே.

பஸ்ஸர் கேள்விக்கு நான் இரண்டு காரியம் செய்கிறேன். என்ன கேட்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவேன்: “ஒரு கவிஞரின் பெயரைக் கேட்கிறேன்.” அப்புறம், எந்த இடத்தில் நிறுத்தினாலும் அதே விடையை நோக்கியே குறிப்புகள் போகும்படி எழுதுவேன்: “1876இல் தேரூரில் பிறந்தவர், ‘ஆசிய ஜோதி’யை எழுதியவர், யார்?” எங்கே அழுத்தினாலும் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளைதான். எழுதி முடித்ததும் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் விரலை வைத்து, “இங்கே அழுத்தினால் வேறு யாரையாவது சொல்லலாமா?” என்று பார்த்துவிடுங்கள்.

எழுதியதை யாரிடம் காட்டிச் சரிபார்ப்பது?

விடையை மறைத்துவிட்டு இரண்டு பேரிடம். ஒருவர் வேறு பாடம் எடுக்கும் ஆசிரியர், இன்னொருவர் போட்டியில் சம்பந்தமில்லாத கல்லூரிப் பிள்ளை யாராவது. “விடை என்ன?” என்று கேட்டால் நிறுத்திக்கொள்வார்கள். “இதற்கு எத்தனை விடை சொல்லலாம்?” என்று கேளுங்கள், அப்போதுதான் தேடுவார்கள். நாற்பது கேள்வி கொடுத்தால் எனக்கு ஏழெட்டு திரும்பி வந்துவிடும். அதனால் தேவைக்கு மேல் பத்துக் கேள்வியாவது கூடுதலாக எழுதித்தான் கொடுப்பேன்.

இவ்வளவு பார்த்தும் மேடையில் இரண்டாவது விடை வந்துவிட்டால்?

பிள்ளை சொன்ன விடை கேள்வியின் சொற்களுக்குள் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். நாம் மனதில் நினைத்தது கணக்கில் வராது, வாயால் கேட்டதுதான் கணக்கு. பொருந்தினால் உடனே மதிப்பெண் கொடுங்கள். பொருந்துகிறதா என்று அந்த நேரத்தில் தீர்மானிக்க முடியாவிட்டால் கேள்வியை ரத்து செய்து, அதே குழுவுக்குக் கூடுதல் அட்டையிலிருந்து ஒன்றை எடுத்துக் கேளுங்கள். அடுத்த குழுவுக்குத் தள்ளிவிட்ட பிறகு திரும்பி வந்து திருத்துவது இரண்டு குழுவையும் நோகடிக்கும், ஆகவே தள்ளுவதற்கு முன்பே ஆட்சேபம் உண்டா என்று ஐந்து வினாடி நின்று கேளுங்கள். அன்று வள்ளுவர் சிலைக் கேள்வியில் நான் அந்த ஐந்து வினாடி நிற்கவில்லை.